கிண்ணமும் டியூபும்

வாஷ்பேசினில் மஞ்சள் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். சோப்பு பட்டதும் மஞ்சள் கறை செங்கல் நிறத்துக்கு மாறும். அதே இடத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வித்தைதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி அமிலத்தில் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவக்கும். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் காகிதம் செய்யும் வேலையை நம் சமையலறை டப்பாவே செய்துவிடுகிறது.

இந்த அத்தியாயத்தை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. மஞ்சளும் முல்தானி மட்டியும் கலந்த ஃபேஸ் பேக்கை முகத்தில் போட்டுக் கழுவி, கண்ணாடியைப் பார்த்து, "ஐயோ, முகம் சிவந்துவிட்டதே" என்று பதறுபவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான். கழுவப் பயன்படுத்திய சோப்புக் கட்டி காரத்தன்மை கொண்டது. தோலில் மிச்சமிருந்த மஞ்சளை அது சிவப்பாக்கிவிட்டது. வேறு சிலருக்கோ உண்மையிலேயே தோல் புண்பட்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுப்பது. இரத்தம் பாய்ந்து வந்த சிவப்பு என்றால் அழுத்திய இடம் ஒரு கணம் வெளிறும். சாயம் என்றால் அப்படியே இருக்கும்.

வீட்டுப் பேக் நல்லதா, கடைப் பேக் நல்லதா என்ற கேள்வியைப் பெரும்பாலும் "இயற்கையா, கெமிக்கலா" என்றே கேட்கிறோம். அந்தக் கேள்வியால் பயன் அதிகமில்லை. குர்குமினும் ஒரு வேதிப்பொருள்தான், எலுமிச்சை அமிலமும் அப்படியே. தோலைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: என்ன கலந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, ஈரமான கலவை எத்தனை நாள் தாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மண் செய்யும் வேலை

முல்தானி மட்டி என்ற பெயர் இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் நகரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இதை ஃபுல்லர்ஸ் எர்த் என்பார்கள். ஃபுல்லர் என்றால் ஆட்டுரோமத் துணியை வெளுத்துக் கெட்டிப்படுத்துபவர். ரோமத்தில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அவர்கள் பயன்படுத்திய மண் என்பதால் அந்தப் பெயர். முகத்திலும் அது செய்வது அதே வேலைதான், பிசுக்கை எடுப்பது.

எப்படி எடுக்கிறது? இந்த மண்ணில் முக்கியமாக இருப்பது மான்ட்மோரில்லோனைட் வகைக் கனிமங்கள். அவை அடுக்கி வைத்த அப்பளம் போல மெல்லிய தகடுகளால் ஆனவை. ஒரு தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். தண்ணீர் தகடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. அதனால்தான் முல்தானி மட்டி தண்ணீர் விட்டதும் ஊதிக் குழைகிறது. எல்லாத் தகடுகளின் பரப்பையும் விரித்துக் கூட்டினால் ஒரு கிராம் கனிமத்தில் 700 சதுர மீட்டர் வரை வரும். நம் ஊர் மனைக் கணக்கில் அது ஏறக்குறைய மூன்று கிரவுண்டு. ஒரு சிட்டிகைக்குள் இத்தனை பரப்பு மடிந்து கிடப்பதால், தோலின் மேலிருக்கும் எண்ணெய் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

கடை மாஸ்க்குகளில் அதிகம் வரும் கேயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணிலும் தகடுகள் உண்டு. ஆனால் அவை இறுகப் பிணைந்தவை, தண்ணீர் உள்ளே புகாது. ஆகவே அது ஊதுவதில்லை, எண்ணெயை இழுப்பதும் குறைவு. வறண்ட தோலுக்கு இதுவே சாதகம்.

களிமண் பேக் போட்ட பிறகு முகம் மங்கலாக, எண்ணெய்ப் பளபளப்பின்றி இருப்பது உண்மையான பலன். ஆனால் அது சில மணி நேரப் பலன்தான். எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகள் தோலுக்குள் ஆழத்தில் இருக்கின்றன, மண் அங்கே எட்டுவதில்லை. மேலே இருந்ததை எடுக்கிறது, உள்ளிருந்து மறுபடி வருகிறது. "உடலின் நச்சை உறிஞ்சும்" என்று டியூபில் அச்சிட்டிருப்பதற்கு ஆதாரம் இல்லை. உடல் கழிவுகளை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

பருக்கள் குறையுமா? 2012-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. களிமண்ணும் ஹொஹோபா எண்ணெயும் சேர்ந்த மாஸ்க்கை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வீதம் ஆறு வாரம் போட்டவர்களுக்குப் பருக்களின் எண்ணிக்கை சராசரியாக 54 சதவீதம் குறைந்ததாக அது சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாஸ்க் போடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. பரு தானாகவும் ஏறி இறங்கும். ஆறு வாரத்தில் எவ்வளவு மண்ணால் குறைந்தது, எவ்வளவு தானாகக் குறைந்தது என்று இந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. லேசான பருவுக்கு உதவக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

மஞ்சள் எவ்வளவு உள்ளே போகிறது?

மஞ்சளுக்கு வருவோம். 1995-ல் காயம் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்து வழக்காடியது, 1997-ல் காப்புரிமை ரத்தானது. இந்த வெற்றியைச் சொல்லி "மஞ்சளின் மருத்துவக் குணத்தை அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே தீர்மானமானது வேறு. "இது புதிய கண்டுபிடிப்பல்ல, இந்தியர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது" என்பதே அதன் சாரம். எவ்வளவு வேலை செய்கிறது என்பது தனிக் கேள்வி.

அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வழக்கமான வீட்டுப் பேக் ஒன்றில் இரண்டு டீஸ்பூன் முல்தானி மட்டி, ஒரு டேபிள் ஸ்பூன் தயிர், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் என்று வைத்துக்கொள்வோம். மண் எட்டு கிராம், தயிர் 15 கிராம், மஞ்சள் 0.3 கிராம் இருக்கும். காய்ந்த மஞ்சளில் குர்குமின் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம். மூன்று சதவீதம் என்று வைத்தால் அந்தச் சிட்டிகையில் இருப்பது 9 மில்லிகிராம். 23 கிராம் குழம்பில் அது பரவும்போது ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லை.

அந்தக் கொஞ்சமும் எளிதில் உள்ளே போவதில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். எண்ணெயிலும் சாராயத்திலும்தான் கரையும். நீரில் குழைத்த பேக்கில் அது நுண்துகளாக மிதக்கிறது, தோலின் வெளிப்புறச் செத்த செல் அடுக்கில் தங்கிச் சாயம் ஏற்றுகிறது. முகத்தில் மஞ்சள் ஓரிரு நாள் நிற்பது அது "உள்ளே இறங்கியதற்கு" அடையாளம் இல்லை, மேலேயே தங்கிவிட்டதற்கு அடையாளம்.

இன்னொரு சிக்கல், குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதோடு நிற்பதில்லை, சிதைந்தும் போகிறது. உடல் வெப்பத்தில், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக் கரைசலிலேயே அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். முல்தானி மட்டி பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. வெறும் தண்ணீரில் மட்டியையும் மஞ்சளையும் குழைப்பது குர்குமினுக்கு நல்ல இடமல்ல. தயிரில் குழைத்தால் கலவை அமிலப் பக்கம் நகர்கிறது, தயிரின் கொழுப்பில் கொஞ்சம் கரையவும் செய்கிறது. நம் தோலின் மேற்பரப்பும் இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. ஆக, தயிரில் குழைக்கும் வீட்டு வழக்கத்தில் வேதியியல் நியாயம் இருக்கிறது.

பலன் பற்றிய ஆதாரம் என்ன சொல்கிறது? மஞ்சளையும் குர்குமினையும் தோல் நோய்களுக்குக் கொடுத்துப் பார்த்த மனித ஆய்வுகளை 2016-ல் தொகுத்தபோது 18 தேறின. உள்ளுக்குச் சாப்பிட்டவை, மேலே பூசியவை இரண்டும் அதில் சேர்த்தி. அவற்றில் 10 ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மேல்பூச்சாகப் பயன்படுத்தியவை பெரும்பாலும் தயாரித்த களிம்புகள், வாரக்கணக்கில் தோலில் விட்டுவைத்தவை. பத்து நிமிடத்தில் கழுவும் சிட்டிகை மஞ்சளுக்கு அந்த முடிவை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. வீட்டுப் பேக்கில் மஞ்சள் தருவது பெரும்பாலும் நிறமும் மணமும் பழக்கத்தின் திருப்தியும்தான்.

முப்பது நிமிடம் மின்விசிறியின் கீழ்

எரிச்சல் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பத்து நாளில் கல்யாணம். எண்ணெய் வழியும் முகம். அத்தை சொல்லிக் கொடுத்தபடி முல்தானி மட்டி, கால் டீஸ்பூன் மஞ்சள், அரை எலுமிச்சம்பழச் சாறு. தினமும் சாயங்காலம் பூசிக்கொண்டு மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் உட்காருகிறாள். காய்ந்து வெடித்ததும் கையால் தேய்த்து உதிர்த்து, சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். மூன்றாம் நாள் "முகம் இழுத்துப் பிடிக்குது அத்தை" என்கிறாள். "அப்படித்தான் இருக்கும், அது வேலை செய்யுது" என்கிறாள் அத்தை. ஐந்தாம் நாள் தண்ணீர் பட்டாலே எரிகிறது. ஏழாம் நாள் இரு கன்னங்களின் ஓரத்திலும் சாம்பல் படிந்த மாதிரி கருமை.

என்ன நடந்தது? தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் போல நினைத்துக்கொள்ளலாம். செத்துத் தட்டையான செல்கள் செங்கல். இடையே இருக்கும் கொழுப்பு சாந்து. தண்ணீர் வெளியே கசியாமலும் வெளிப்பொருள் உள்ளே புகாமலும் காப்பது அந்தச் சாந்து. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் இரண்டை ஒட்டியது. அதாவது தோலின் இயல்பான அமிலத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கடுமை. அதன் மேல் அரை மணி நேரம் காய்ந்த மண். பிறகு உலர்ந்த துகள்களால் உரசல். கடைசியில் காரச் சோப்பு. ஒரு நாள் என்றால் சுவர் தன்னைத்தானே பூசிக்கொள்ளும். ஒரு வாரம் இடைவிடாமல் இடித்தால் முடியாது. இதுதான் உறுத்தல் அழற்சி. இதற்கு ஒவ்வாமை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. போதிய அளவு இடித்தால் யாருக்கும் வரும்.

இந்தக் கதையில் பழியை மஞ்சள் மேல் போடுவார்கள். உண்மையில் அதன் பங்கு சிறிது. பெரிய குற்றவாளி நேரம். களிமண் பேக் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். இரண்டாவதில் ஓரங்கள் வெளிறத் தொடங்கும், நடுவில் விரல் வைத்தால் இன்னும் ஒட்டும். மூன்றாவதில் முழுவதும் வெளிறி, இறுகி, வெடிக்கும். எண்ணெயை இழுக்கும் வேலை முதல் இரண்டு கட்டத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மூன்றாவது கட்டத்தில் மண் சுருங்கித் தோலை இழுப்பதும், தோலின் ஈரம் போவதும்தான் மிச்சம். "இழுத்துப் பிடித்தால் வேலை செய்கிறது" என்ற நம்பிக்கை நேர்மாறானது. இழுத்துப் பிடிக்கிறது என்றால் எடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோல் எரிச்சல் என்றால் பாடப் புத்தகங்கள் "சிவப்பு" என்று எழுதும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய விவரிப்பு அது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. நாம் பார்க்க வேண்டியவை வேறு: தொட்டால் சூடு, தண்ணீர் பட்டால் எரிச்சல், மெல்லிய செதில், பிறகு சாம்பல் கலந்த கருமை. அந்தக் கருமைதான் நமக்குப் பெரிய தொல்லை. அழற்சி சில நாளில் அடங்கிவிடும், அது விட்டுப்போகும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். நிறம் கூட்டப் போட்ட பேக் நிறத்தைக் குறைத்துவிட்டுப் போவது இப்படித்தான்.

டியூபுக்குள் என்ன இருக்கிறது?

பயந்துபோன அந்தப் பெண் வீட்டுப் பேக்கை நிறுத்திவிட்டு, கடையில் "மஞ்சள் களிமண் மாஸ்க்" என்ற டியூபை வாங்குகிறாள். கலவை பதமாக இருக்கிறது, எரியவில்லை. நிம்மதியாகிறாள். இரண்டு நாள் கழித்து இமைகள் வீங்குகின்றன, முகம் முழுக்க அரிப்பு.

இது வேறு வகை. இதைப் புரிந்துகொள்ள டியூபின் அடிப்படைச் சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிண்ணத்தில் குழைத்த பேக் பத்து நிமிடம் வாழ்கிறது. டியூபில் அடைத்தது இரண்டு மூன்று வருடம் வாழ வேண்டும், அதுவும் தண்ணீரோடு. தண்ணீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதனால் பதப்பொருள் கட்டாயம். களிமண்ணில் சிரமம் இரட்டிப்பு. மண் இயல்பாகவே கிருமிகளோடு வருகிறது. போதாததற்கு, எண்ணெயை ஒட்டிக்கொள்ளும் அதே பரப்பில் பல பதப்பொருள்களையும் ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒழுங்கான தொழிற்சாலைகள் மண்ணைச் சூட்டாலோ காமாக் கதிராலோ கிருமி நீக்கி, அதற்கேற்ற பதப்பொருளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கின்றன. வீட்டுக் கிண்ணத்தில் அந்தச் சுத்திகரிப்பு இல்லை. டியூபின் நியாயமான பலம் அதுதான். பிஎச்சைத் தோலுக்கு ஏற்றபடி சரிசெய்வதும், சீக்கிரம் காயாமலிருக்கக் கிளிசரின் சேர்ப்பதும் அதன் மற்ற நன்மைகள்.

அதன் பலவீனம் அந்தப் பதப்பொருளிலும் வாசனையிலும் இருக்கிறது. மெதில்ஐசோதயசோலினோன் என்ற பதப்பொருளை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவச் சங்கம் 2013-ன் "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. கழுவாமல் விடும் பூச்சுகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அதைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் 0.0015 சதவீதம் மட்டுமே அனுமதி. வாசனைத் திரவியங்களும் தொடு ஒவ்வாமையின் முக்கியக் காரணங்கள். "இயற்கை வாசனை எண்ணெய்" என்றாலும் இதில் விலக்கு இல்லை.

ஒவ்வாமை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் தொடர்பில் ஒன்றும் தெரியாது. உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் குறித்துவைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதன்பின் எப்போது பட்டாலும், ஒன்று முதல் மூன்று நாளில் அரிப்பும் தடிப்பும் வரும். பூசிய எல்லையைத் தாண்டியும் பரவும். நம் கற்பனைப் பெண் அந்தப் பதப்பொருளை எப்போதோ ஒரு ஷாம்பூவிலோ ஈரத் துடைப்புத் தாளிலோ சந்தித்திருக்கக்கூடும். ஒரு வாரமாக இடிந்த சுவர் அதற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. பழுதடைந்த தோல் வழியே ஒவ்வாமைப் பொருள் எளிதாகப் புகும். முதல் பேக் செய்த சேதம் இரண்டாவது பேக்கின் தலையில் விழுந்தது.

மஞ்சளுக்கே ஒவ்வாமை வருமா? வரும், ஆனால் அபூர்வம். குங்குமம் வைக்கும் இடத்தில் தோன்றும் அழற்சியைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். பல சமயம் அதற்குக் காரணம் சேர்க்கப்பட்ட சாயமோ வாசனையோதான், சிலருக்கு மஞ்சளே. எது என்று ஊகிக்க முடியாது. தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து பார்த்துத்தான் சொல்வார். சந்தேகப் பொருள்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்தபோது ஒருமுறையும் மேலும் இரண்டு நாள் கழித்து ஒருமுறையும் பார்ப்பார்கள்.

டியூபின் பின்புறத்தைப் படிக்க ஒரு தந்திரம். பொருள்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் அச்சிடுவார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பரவலான பதப்பொருளுக்கு ஐரோப்பிய விதியில் உச்சவரம்பு 1 சதவீதம். ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். அட்டையின் முன்புறத்தில் மஞ்சள் கிழங்கின் படம் பெரிதாக இருக்கும். பின்புறத்தில் மஞ்சள் சாறு பெரும்பாலும் அந்தப் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும், சில சமயம் ஒரு மஞ்சள் சாயத்தின் துணையோடு.

கிண்ணத்துக்குள் தெரியாதது

வீட்டுப் பேக்கின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அதில் பதப்பொருள் இல்லை, ஆனால் மூலப்பொருள் என்ன என்பதும் தெரியாது.

முதலில் கஸ்தூரி மஞ்சள். உண்மையான கஸ்தூரி மஞ்சள் கிழங்கு உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூர வாசனை வீசும், முகத்தில் அழுத்தமாகச் சாயம் ஏற்றாது. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பல சமயம் வேறு இனக் கிழங்கின் தூள். பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்தது கலப்படம். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட் என்ற சாயத்தைத் தடவும் வழக்கத்தை 2019-ல் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தபின், சந்தையில் எடுத்த மாதிரிகளில் கலப்படம் 47 சதவீதத்திலிருந்து 2021-ல் பூச்சியத்துக்கு இறங்கியது. தெற்காசிய நகரங்களில் பின்னர் நடந்த சோதனையில் பாட்னாவிலும் குவாஹாட்டியிலும் மிக அதிக ஈயம் கிடைத்தது. தோல் வழியே இவ்வகை ஈயம் அதிகம் போகாது. விரல் வழியே வாய்க்குப் போவதுதான் கவலை, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, சாயம் தடவியது தூளில் மட்டுமல்ல, முழுக் கிழங்கின் மேலேயே. அதனால் "முழு மஞ்சள் வாங்கி அரைத்தேன்" என்பது மட்டும் காப்பாகாது. பளபளவென்று மின்னும் கிழங்கைவிட மங்கலான, மேல்தோல் சொரசொரப்பான கிழங்கு மேல். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூளைப் போட்டு அசைக்காமல் விடுங்கள். நல்ல மஞ்சள் அடியில் தங்கி நீரை வெளிர் மஞ்சளாக்கும். நீர் அழுத்தமான மஞ்சளானால் செயற்கைச் சாயம் என்று சந்தேகிக்கலாம். சிறு அளவுக் கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

மண்ணுக்கும் இதே கதை. பூமியிலிருந்து வெட்டியது என்பதால் எந்தக் களிமண்ணிலும் கொஞ்சம் ஈயம் இருக்கும். 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஈயம் அதிகமிருந்ததால் ஒரு பென்டோனைட் களிமண் தூளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. கரம்பை மண்ணையும் புற்றுமண்ணையும் நேரே எடுத்துவந்து பூசுவதில் இன்னொரு ஆபத்து, மண்ணில் வாழும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள். உடைந்த பரு, சவரக் கீறல், த்ரெடிங் செய்த புருவம் இவற்றின் மேல் எந்த மண்ணும் படக்கூடாது.

கிண்ணம், டியூப் இரண்டையும்விட மோசமான மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. "வீட்டில் செய்தது, பதப்பொருள் இல்லாதது" என்று ஈரக் குழம்பாகவே டப்பாவில் அடைத்து விற்பது. கிண்ணத்தின் தெரியாத மூலப்பொருளும் டியூபின் நீண்ட ஆயுளும் அதில் சேர்ந்துகொள்கின்றன. உலர்ந்த பொடியாக விற்றால் பரவாயில்லை. தண்ணீர் சேர்ந்திருந்து பதப்பொருள் இல்லை என்றால் அந்த டப்பாவை வாங்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

எண்ணெய்ப் பசை முகம் என்றால் வீட்டிலேயே இப்படிச் செய்யலாம். இரண்டு டீஸ்பூன் முல்தானி மட்டி, ஒரு சிட்டிகைக்கு மேல் போகாத மஞ்சள், குழையும் அளவுக்குப் புதுத் தயிர். எலுமிச்சை வேண்டாம், சமையல் சோடா வேண்டாம், மிளகும் பட்டையும் வேண்டாம். கண்ணையும் வாயையும் சுற்றி விட்டுவிட்டுப் பூசுங்கள். ஓரம் வெளிறத் தொடங்கியதும், எட்டுப் பத்து நிமிடத்தில், கையில் தண்ணீர் எடுத்து முகத்தை ஒரு நிமிடம் நனைத்து, மண் இளகியபின் தேய்க்காமல் கழுவுங்கள். சோப்புத் தேவையில்லை. துடைத்த கையோடு ஈரம் காக்கும் க்ரீம் ஏதாவது தடவுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். மிச்சமான குழம்பைக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள். வறண்ட முகத்துக்கு மண்ணே வேண்டாம், பயத்த மாவும் தயிரும் போதும்.

டியூப் வாங்குவதானால் வாசனை சேர்க்காததைத் தேடுங்கள். தயாரிப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாததைத் தொடாதீர்கள். காய்ந்து ஏடாக உரித்தெடுக்கும் வகை, தோலின் மேலடுக்கையும் மெல்லிய முடியையும் சேர்த்து இழுக்கும். எரிச்சலுக்கு ஆளாகும் தோலுக்கு அது ஆகாது.

இரண்டில் எதுவானாலும் முகத்துக்கு முன்னால் முழங்கை மடிப்பின் உட்புறம். ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவுங்கள். காலை மாலை இப்படி ஒரு வாரம். ஒரே நாள் சோதித்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டினால் ஒவ்வாமை கண்ணில் படாமல் போய்விடும், ஏனென்றால் அது மூன்று நாள் கழித்தும் வரும். கரப்பான் உள்ளவர்களும், பருவுக்கு டிரெட்டினாயின், அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்து பூசுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பேக்கும் போட வேண்டாம். அவர்களின் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது.

நம் கல்யாணப் பெண்ணுக்கு யாராவது ஐந்தாம் நாளே சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: எல்லாவற்றையும் நிறுத்து, வெறும் தண்ணீரில் கழுவு, வெள்ளை வாசலின் தடவு, இரண்டு மூன்று நாளில் எரிச்சல் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போ. புதிதாக ஒரு டியூப் வாங்கியிருக்க வேண்டியதில்லை. முகூர்த்தம் நெருங்கும்போது புதிய பேக் எதையும் தொடங்காதீர்கள். சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தோல் தன் மேலடுக்கை மாற்றிக்கொள்ள இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்கிறது. அதை அவசரப்படுத்தும் பேக் கிண்ணத்திலும் இல்லை, டியூபிலும் இல்லை.